உறைந்து போன லண்டன் பென்ஷன்: ஊருக்குத் திரும்ப முன் போட வேண்டிய கணக்கு

 

முப்பது வருடம் லண்டனில் உழைத்துவிட்டு, வயது போன காலத்தில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிக்கொண்டு வந்து இருப்பவர்கள் இப்போது நம்மிடையே பலர். தமிழரும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. வரப்போகிறோம் என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் அதிகம். வீட்டு விலை, வைத்தியசாலைச் செலவு, லிஃப்ட் இருக்கிறதா என்பதெல்லாம் நன்றாக விசாரிக்கிறார்கள். ஆனால் மாதாமாதம் கைக்கு வரப்போகிற பிரித்தானிய அரச ஓய்வூதியம் இலங்கைக்கு வந்த பின் ஏறாது என்பதை வந்த பிறகுதான் பலர் அறிகிறார்கள். எங்கள் கருத்து நேரானது: அந்தச் சட்டம் அநியாயமானது. அதற்காக முகவரியை மறைப்பது அதைவிடப் பெரிய சிக்கல். டிக்கெட் போட முன் கணக்குப் போடுவதுதான் வழி.

முதலில் சட்டத்தைச் சொல்கிறோம். பிரித்தானியாவில் இருப்பவருக்கு அரச ஓய்வூதியம் ஒவ்வொரு ஏப்ரலிலும் கூடும். ஐரோப்பிய நாடுகளில் போய் இருந்தாலும் கூடும். அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், துருக்கி, மொரீஷியஸ் போன்ற நாடுகளில் இருந்தாலும் கூடும், ஏனென்றால் அந்த நாடுகளோடு பிரித்தானியாவுக்கு அதற்கான உடன்படிக்கை இருக்கிறது. இலங்கையோடு இல்லை. இந்தியா, பாகிஸ்தான், கனடா, அவுஸ்திரேலியா ஆகியவற்றோடும் இல்லை. ஆகவே நீங்கள் இங்கே குடிவந்த அன்று என்ன தொகையோ அதுதான் கடைசி வரை. இங்கே இருக்கும்போதே முதன்முதலாக ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கினால், தொடங்கிய அன்றைய தொகை. இதைத்தான் 'உறைந்த பென்ஷன்' என்கிறார்கள். உலகம் முழுக்க நாலரை இலட்சம் பேர் அளவில் இந்த நிலையில் இருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் குடியேறிய அனெட் கார்சன் என்பவரும் வேறு சிலரும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2010 மார்ச்சில் அங்கேயும் தோற்றார்கள்.

இப்போது ஒரு கணக்கு. 2019 ஏப்ரலில் முழுப் புதிய ஓய்வூதியம் வாரத்துக்கு 168.60 பவுண். அந்தத் தொகையோடு ஒருவர் அப்போது வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார் என்று வைப்போம். அவரோடு ஒரே நாளில் ஓய்வு பெற்ற நண்பர் லண்டனிலேயே இருந்துவிட்டார். 2025 ஏப்ரலில் நண்பருக்கு வாரத்துக்கு 230.25 பவுண். நம்மவருக்கு அதே 168.60. வாரத்துக்கு 61.65 பவுண் வித்தியாசம். வருடத்துக்கு 3,206 பவுண் அளவில். ஒரு பவுண் 400 ரூபா என்று எடுத்தால், வருடத்துக்கு ஏறக்குறைய 12 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. இரண்டு பேரும் ஒரே அளவுதான் காப்புறுதிப் பணம் கட்டினார்கள்.

இவ்வளவு பெரிய தொகை ஏன் ஒருவருக்கும் உறைக்கவில்லை? ரூபா விழுந்ததுதான் காரணம். 2019 ஏப்ரலில் ஒரு பவுண் சுமார் 228 ரூபா. நான்கு வாரத்துக்கு 674.40 பவுண் வந்தால், கையில் ஒரு இலட்சத்து 53 ஆயிரம் ரூபா அளவில். 2022 நடுப்பகுதியில் பவுண் 440 ரூபா அளவுக்குப் போனது. அதே 674.40 பவுண் இரண்டு இலட்சத்து 96 ஆயிரம் ரூபா ஆனது. பாஸ்புக்கைப் பார்த்தவருக்குப் பென்ஷன் இரட்டிப்பானது போலத்தான் தெரிந்தது. ஆனால் அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பின் விலைவாசி முந்திய ஆண்டை விட 70 வீதம் அளவில் ஏறியிருந்தது. பிறகு 2023இல் ரூபா கொஞ்சம் நிமிர்ந்தது. பவுண் 400க்குக் கீழேயும் இறங்கியது. கைக்கு வரும் ரூபா குறைந்தது, கடையில் ஏறிய விலை பழைய இடத்துக்கு வரவில்லை. அதே நேரம் லண்டனில் இருந்தவர்களுக்கு 2023 ஏப்ரலில் 10.1 வீதமும் 2024 ஏப்ரலில் 8.5 வீதமும் கூட்டிக்கொடுத்தார்கள். அந்த இரண்டு ஏற்றமும் நம்மவருக்கு இல்லை. ரூபா விழுந்தால்தான் நமக்கு லாபம் என்று நம்பி ஒரு முதுமையை நடத்த முடியாது.

இந்த இடத்தில்தான் ஆசை வருகிறது. "மகன்ட லண்டன் அட்ரஸ் அப்படியே இருக்கட்டும், யாருக்குத் தெரியப் போகுது?" என்று சிலர் கேட்கிறார்கள். நிரந்தரமாக வெளிநாட்டுக்குப் போய்விட்டால் பிரித்தானிய ஓய்வூதிய அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் எடுத்த கூடுதல் தொகையை அவர்கள் திருப்பிக் கேட்பார்கள், வருங்காலப் பென்ஷனில் இருந்து வெட்டுவார்கள், தெரிந்தே மறைத்தால் அது குற்றம். எண்பது வயதில், மகனுடைய முகவரிக்கு அந்தக் கடிதம் வந்தால் அதன் பாரம் மகனுக்கும்தான். சட்டம் அநியாயமாக இருப்பதால் நமக்கு உரிமையில்லாத காசு ஹலால் ஆகிவிடாது. இதை யாரையும் குத்திக் காட்டச் சொல்லவில்லை, கேட்பவர்களுக்கு நேரில் சொல்வதையே இங்கேயும் எழுதுகிறோம்.

நேர்மையான வழியிலும் ஒரு சிறு இடம் இருக்கிறது. பேரப்பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போய் நிற்கும் காலத்துக்கு, அறிவித்தால், அன்றைய முழு வீதத்தில் பென்ஷன் தருவார்கள். இலங்கைக்குத் திரும்பியதும் பழைய தொகைக்கே இறங்கிவிடும். நிரந்தரமாகத் திரும்பிப் போனால் முழு வீதம் நிலைக்கும்.

இன்னொன்றையும் கலந்துவிடக் கூடாது. புதிய ஓய்வூதியத்துக்குக் குறைந்தது 10 வருடம், முழுத் தொகைக்கு 35 வருடம் காப்புறுதிப் பணம் கட்டியிருக்க வேண்டும். பிந்திப் போய்ச் சேர்ந்த நம் பெரியவர்கள் பலருக்கு அந்த 35 இல்லை. அவர்களுடைய குறையை அங்கே 'பென்ஷன் கிரெடிட்' என்ற உதவித்தொகைதான் நிரப்புகிறது. அது ஓய்வூதியம் அல்ல. வெளிநாட்டில் நின்றால் சாதாரணமாக நான்கு வாரத்துக்கு மேல் கிடைக்காது. ஆகவே இப்போது வங்கிக்கு வருகிற தொகையில் எவ்வளவு ஓய்வூதியம், எவ்வளவு கிரெடிட் என்று கடிதத்தை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். இங்கே வந்த பிறகு மிஞ்சுவது முதலாவது மட்டுமே.

அடுத்து வங்கி. நான்கு வாரத்துக்கு ஒரு முறையோ பதின்மூன்று வாரத்துக்கு ஒரு முறையோ எடுக்கலாம். நேரே இலங்கை வங்கிக்கு அனுப்பச் சொன்னால் உள்ளூர் நாணயத்தில்தான் வரும், அதாவது என்ன வீதத்தில் மாற்றுவது என்பது உங்கள் கையில் இல்லை. படிவத்தில் IBAN கேட்கும். இலங்கையில் அது கிடையாது. வங்கியின் SWIFT இலக்கத்தையும் முழுக் கணக்கு இலக்கத்தையும் வங்கிக் கிளையில் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள். மற்ற வழி, லண்டன் கணக்கிலேயே விழவிட்டு, அங்கிருந்து இங்குள்ள தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குக்குப் பவுணாகவே எடுப்பது. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தோடு முன்பிருந்த என்.ஆர்.எஃப்.சி. கணக்குகளின் இடத்துக்கு வந்தது இதுதான். பவுணாகக் கிடந்தால் மாற்றும் நாளை நீங்களே தீர்மானிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை அனுப்பவும் கட்டணம் வெட்டுவார்கள், ஆகவே சிறுகச் சிறுக அனுப்புவது நட்டம். வெளிநாட்டு முகவரி கொடுத்ததும் சில லண்டன் வங்கிகள் கணக்கை மூடிவிடுவதும் உண்டு. வர முன்பே கேட்டுவிடுங்கள்.

வரியைப் பற்றி நிறையப் பிழையான கதை உலாவுகிறது. கடவுச்சீட்டு எந்த நிறம் என்பது கேள்வியே இல்லை. 183 நாளும் அதற்கு மேலும் இங்கே இருந்தால் இலங்கைச் சட்டப்படி நீங்கள் வதிவாளர். வதிவாளருக்கு எந்த நாட்டில் வந்த வருமானமும் கணக்குக்கு வரும். 2025 ஏப்ரலில் இருந்து தனியாள் வரி நிவாரணம் வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா. நாம் கணக்குப் போட்டவரின் உறைந்த பென்ஷன்கூட வருடத்துக்கு 35 இலட்சம் ரூபா வருகிறது. பிரித்தானியப் பக்கத்தில் அது 8,767 பவுண்தான், அங்கே வரியில்லா எல்லை 12,570 பவுண். வேறு வருமானம் இல்லாவிட்டால் அங்கே வரி வராது. லண்டன் வீட்டு வாடகையோ கம்பனிப் பென்ஷனோ சேர்ந்தால் எல்லை தாண்டும். இரு நாடுகளுக்கும் இடையில் 1979இல் செய்த இரட்டை வரி உடன்படிக்கை இருக்கிறது. எனவே இரண்டு நாட்டு வருமானக் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலோ ஒரு கணக்காளரிடமோ போய்ப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். கல்யாண வீட்டில் கேட்ட கதையை நம்பி இருக்காதீர்கள்.

கடைசியாக, எங்களிடம் வருகிற தாள். வெளிநாட்டில் இருக்கும் பென்ஷன்காரருக்கு 'உயிருடன் இருக்கிறார்' என்ற சான்றுப் படிவத்தைத் தபாலில் அனுப்புவார்கள். ஒரு சாட்சியின் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் காசு நின்றுவிடும். சாட்சியாகக் கையெழுத்து வைக்கக் கூடியவர்களில் ஆசிரியர்களும் உண்டு, அதனால்தான் எங்களைத் தேடி வருகிறீர்கள். சந்தோசமாக வைக்கிறோம். ஆனால் பென்ஷன்காரர் எங்கள் முன்னால் இருந்து கையெழுத்துப் போட வேண்டும், கடவுச்சீட்டில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். சொந்தக்காரருக்கு நாங்கள் வைக்க மாட்டோம். "வாப்பாக்கு நடக்க ஏலாது, நீங்க வெச்சுத் தாங்க சேர்" என்று தாளை மட்டும் கொண்டுவந்தால், தாளைத் திருப்பித் தந்துவிட்டு நாங்களே வீட்டுக்கு வருவோம். மாடி ஏறுவது எங்களுக்குக் கஷ்டமில்லை. தொடர்மாடியின் வீட்டு இலக்கத்தை முகவரியில் சரியாகக் கொடுத்து வையுங்கள். கீழே தபால்பெட்டியில் கிடந்து பழுதாகும் படிவங்களால்தான் பென்ஷன் அதிகம் நிற்கிறது.

லண்டனில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே வாக்கு உங்களிடம் இருக்கிறது. உங்கள் பாராளுமன்ற உறுப்பினரிடம், மணிலாவுக்கு ஏறும் பென்ஷன் கொழும்புக்கு ஏன் ஏறவில்லை என்று கேட்டு எழுதுங்கள். உம்மா வாப்பாவை இங்கே அனுப்ப முன், இன்றைய தொகையை எழுதி, பத்து வருடத்துக்கும் அதுவே என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். குறைவதை யார் நிரப்புவது என்று சகோதரர்கள் கூடிப் பேசி முடிவெடுத்த பிறகு டிக்கெட்டைப் போடுங்கள்.

வஸ்ஸலாம்.