யாருடைய கடிகாரம்?

எங்கள் அடுக்குமாடிச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. 'த ட்ரெஷரர் செட் தட் ஐ வில் பிரிங் த அக்கவுண்ட்ஸ் டுமாரோ.' எழுதியவர் செயலாளர். பொதுக்குழுவில் இதை உரக்க வாசித்ததும் பொருளாளர் எழுந்தார். "இதில் 'ஐ' என்று இருக்கிறது. எழுதிக் கையெழுத்துப் போட்டது நீங்கள். அப்படியானால் கணக்கைக் கொண்டுவர வேண்டியது நீங்கள்தானே சார்?" என்றார். கூட்டம் சிரித்துவிட்டது. கணக்கு அன்றைக்கும் வரவில்லை என்பது வேறு கதை.

பொருளாளர் குறும்புக்காகக் கேட்டிருக்கலாம். ஆனால் இலக்கணம் அவர் பக்கம் இருந்தது. இதே செய்தியைச் செயலாளர் தமிழில் சொல்லியிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க முடியாது. 'கணக்கை நாளைக்குக் கொண்டு வரேன்னு பொருளாளர் சொன்னார்' என்றால் யார் கொண்டுவருவார், எந்த 'நாளைக்கு' என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. இரண்டு மாதம் கழித்து இதைக் கேட்பவருக்கும் அந்த 'நாளைக்கு' பொருளாளர் பேசிய நாளுக்கு மறுநாள் என்று புரியும். கடன் வாங்கியவனைப் பற்றி, 'நாளைக்குத் தரேன்னான், வருஷம் ஒண்ணாச்சு' என்று நாம் புலம்புவதில்லையா? 'என்று' என்ற சொல்லும் அதன் பேச்சு வடிவமான 'ன்னு'வும் இருக்கும் வரை, சொன்னவர் வாயில் வந்ததை அப்படியே தூக்கி வைத்துவிட்டுப் போகலாம். யார், எப்போது என்ற கணக்கைக் கேட்பவர் போட்டுக்கொள்வார்.

ஆங்கிலத்தின் 'தட்' அப்படிப்பட்ட சொல் அல்ல. 'தட்' போட்ட பிறகு வரும் வாக்கியம் சொன்னவருடையது அல்ல, எடுத்துச் சொல்பவருடையது. அதில் 'ஐ' வந்தால் அது எடுத்துச் சொல்பவர். 'டுமாரோ' வந்தால் அது அவர் எழுதும் நாளுக்கு மறுநாள். கணக்கையெல்லாம் அவரே போட்டு முடித்துத்தான் கேட்பவர் கையில் கொடுக்க வேண்டும். நம் பிள்ளைகள் டைரக்ட், இன்டைரக்ட் என்று பள்ளியில் போராடுவது இந்த ஒரு வேறுபாட்டோடுதான். ஆனால் பாடம் அதைச் சொல்வதில்லை, அட்டவணையை நீட்டுகிறது.

பொருளாளர் உண்மையில் சொன்னது மூன்று வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திங்கட்கிழமை, சங்க அலுவலக அறையில் சொல்கிறார். 'ஐ ஹேவ் ஃபினிஷ்ட் த அக்கவுண்ட்ஸ். மை சன் இஸ் டைப்பிங் தெம் நவ். ஐ வில் பிரிங் தெம் ஹியர் டுமாரோ.' கணக்கு முடித்துவிட்டேன், பையன் இப்போது டைப் அடிக்கிறான், நாளைக்கு இங்கே கொண்டுவருகிறேன். குறிப்பேட்டில் இது எப்படி ஏற வேண்டும்?

'செட்' என்பது இறந்தகாலம். அதனால் அதன் பின்னால் வரும் வினைகள் ஒவ்வொன்றும் ஒரு படி பின்னால் போகின்றன. 'ஹேவ் ஃபினிஷ்ட்' என்பது 'ஹேட் ஃபினிஷ்ட்' ஆகும். 'இஸ் டைப்பிங்' என்பது 'வாஸ் டைப்பிங்' ஆகும். 'வில்' என்பது 'வுட்' ஆகும். 'ஐ' என்பது 'ஹி', 'மை' என்பது 'ஹிஸ்'. 'நவ்' போய் 'தென்' வரும், அல்லது வினையே அந்த வேலையைச் செய்துவிடுவதால் காணாமலே போகும். 'டுமாரோ' போய் 'த நெக்ஸ்ட் டே' வரும். இந்த அளவுக்கு எந்தப் பள்ளி மாணவரும் ஒப்பித்துவிடுவார்.

'ஹியர்' மட்டும் என்ன ஆகும்? அட்டவணை 'தேர்' என்கிறது. ஆனால் குறிப்பேட்டை அதே அலுவலக அறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். அங்கே உட்கார்ந்துகொண்டு 'தேர்' என்று எழுதினால் அது வேறு எங்கோ இருக்கும் இடம் ஆகிவிடும். அதே இடத்திலிருந்து சொன்னால் 'ஹியர்' நிற்கும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னால்தான் 'தேர்'.

நாளும் அப்படியே. திங்கட்கிழமை மாலையே செயலாளர் இன்னொருவரிடம் சொன்னால், 'ஹி செட் ஹி வுட் பிரிங் தெம் டுமாரோ' என்பதுதான் சரி. நாளை இன்னும் நாளையாகவே இருக்கிறதே! செவ்வாய்க்கிழமை சொன்னால் அது 'டுடே' ஆகும். புதன்கிழமை சொன்னால் 'யெஸ்டர்டே'. வியாழன் வந்துவிட்டால்தான் 'த நெக்ஸ்ட் டே' அல்லது 'ஆன் டியூஸ்டே'. ஒரே 'டுமாரோ' நான்கு நாளில் நான்கு வேடம் போடுகிறது. தேர்வுத்தாளில் யார், எங்கே, என்றைக்கு எடுத்துச் சொல்கிறார் என்பதே இருக்காது. அதனால் எல்லாம் எப்போதோ, எங்கோ நடந்தவை என்று பாவித்து, 'டுமாரோ' என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'த நெக்ஸ்ட் டே' போடச் சொல்கிறார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் அந்தப் பிள்ளை நாளைக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து, அன்றைக்குக் காலையில் வந்த தொலைபேசிச் செய்தியை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதும்போது, 'ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே' என்று எழுதும். படிக்கிற மேலாளர் எந்த நாளுக்கு அடுத்த நாள் என்று விழிப்பார்.

தமிழிலும் அயற்கூற்று உண்டு. 'தான் கணக்கை மறுநாள் கொண்டுவருவதாகப் பொருளாளர் கூறினார்.' நான், தான் ஆயிற்று. நாளை, மறுநாள் ஆயிற்று. காலத்தைக் கவனியுங்கள். 'வருவேன்' என்றது 'வருவதாக' என்று நிற்கிறதே தவிர, இறந்தகாலத்துக்கு நகரவில்லை. 'முடித்தேன்' என்றால் 'முடித்ததாக', 'முடித்திருக்கிறேன்' என்றால் 'முடித்திருப்பதாக'. சொன்ன கணத்தில் அது முன்பு நடந்ததா, இனி நடக்கப்போவதா என்பதை மட்டும்தான் தமிழ் பார்க்கிறது. ரஷ்ய மொழியும் ஜப்பானிய மொழியும் இந்த விஷயத்தில் நம் பக்கம். 'ஹி செட் தட் ஹி வில் கம்' என்று நம் நாக்கில் தானாக வருகிறதே, அது அறியாமையால் வருவதல்ல. தமிழின் காலக் கணக்கு ஆங்கிலச் சொற்களை உடுத்திக்கொண்டு வருகிறது.

அந்தத் 'தான்' இருக்கிறதே, அதை ஆங்கிலத்துக்குக் கடன் கொடுக்கலாம் போலிருக்கும் எனக்கு. பொருளாளர் செயலாளரிடம், 'யு மஸ்ட் கிவ் மி யுவர் பில்ஸ்' என்கிறார். இதை மூன்றாமவர் ஒருவர் எழுதினால், 'ஹி டோல்ட் ஹிம் தட் ஹி மஸ்ட் கிவ் ஹிம் ஹிஸ் பில்ஸ்' என்று ஆகும். யார் யாருக்கு யாருடைய பில்லைக் கொடுப்பது? 'அவர் தன்னிடம் பில்களைக் கொடுக்க வேண்டும் என்று' என்று தமிழில் சொன்னால் 'தன்னிடம்' சொன்னவரிடமே திரும்பிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு வழி, பிரதிப்பெயரை விட்டுவிட்டுப் பதவியையோ பெயரையோ மறுபடி போடுவதுதான். 'த ட்ரெஷரர் டோல்ட் த செக்ரட்டரி டு கிவ் ஹிம் த பில்ஸ்.' அழகில்லை, ஆனால் வழக்கு வராது.

ஒரு படி பின்னால் போவது கட்டாயமா என்று கேட்பார்கள். எப்போதும் இல்லை. சொன்ன விஷயம் எடுத்துச் சொல்லும்போதும் உண்மையாகவே இருந்தால் நகர்த்தாமல் விடலாம். 'ஷி செட் ஷி இஸ் ப்ரெக்னன்ட்' என்றால் இன்னும் குழந்தை பிறக்கவில்லை, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன் என்ற தொனி இருக்கிறது. 'ஷி வாஸ்' என்றால் நான் பொறுப்பேற்கவில்லை, அவள் சொன்னாள், அவ்வளவுதான். நகர்த்தினால் தவறாகாது, நகர்த்தாமல் விட்டால் சில சமயம் தவறாகலாம். அதனால் சந்தேகம் வரும்போது நகர்த்திவிடுவதே நல்லது.

சாதாரண இறந்தகாலத்தில் மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 'ஐ பெய்ட் த இ.பி. பில் ஆன் த ஃபிஃப்த்' என்றதை 'ஹேட் பெய்ட்' ஆக்கினாலும் சரி, 'பெய்ட்' என்றே விட்டாலும் சரி. பணம் கட்டுவது ஒரு நிகழ்ச்சி, தேதியும் இருக்கிறது, குழப்பமில்லை. ஆனால் 'ஐ வாஸ் இல்' என்றதை 'ஹி செட் ஹி வாஸ் இல்' என்று விட்டால் ஆங்கிலக் காது அதை 'ஐ ஆம் இல்' என்றே கேட்கும். இருப்பது, வாழ்வது, தெரிந்திருப்பது போன்ற நிலையைச் சொல்லும் வினைகள் எல்லாவற்றிலும் இந்த ஆபத்து உண்டு. அங்கே 'ஹேட்' போட்டே ஆக வேண்டும். அட்டவணையில் ஒரே வரிசையில் கிடக்கும் 'பெய்ட்'டும் 'வாஸ்'ஸும் ஒரே விதமாக நடந்துகொள்வதில்லை.

இதே பள்ளத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து விழுபவர்கள் பத்திரிகை மொழிபெயர்ப்பாளர்கள். ஒரு நடிகர் படப்பிடிப்புக்கு வரவில்லை, 'ஹி செட் ஹி வாஸ் அன்வெல்' என்று ஆங்கிலச் செய்தி வருகிறது. அவசரத்தில் 'உடல்நலமின்றி இருந்ததாக அவர் கூறினார்' என்று போட்டுவிடுகிறார்கள். வாசகர் என்ன நினைப்பார்? முன்பு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேறிவிட்டார் என்று. அவர் சொன்னதோ 'எனக்கு உடம்பு சரியில்லை' என்பது. ஆங்கிலம் ஒரு படி பின்னால் தள்ளி வைத்ததைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது ஒரு படி முன்னால் எடுத்து வைக்க வேண்டும். 'வாஸ்' என்றால் 'இருப்பதாக', 'வுட்' என்றால் 'செய்வதாக', 'ஹேட் பீன்' என்றால்தான் 'இருந்ததாக'.

'ஹேட்' வரும் இடத்தில் மட்டும் இந்த வாய்பாடும் கைவிட்டுவிடும். 'ஹேட் ஃபினிஷ்ட்' என்று வந்தால், மூலத்தில் அவர் 'முடித்தேன்' என்றாரா, 'முடித்துவிட்டேன்' என்றாரா, அதற்கும் முன்பே 'முடித்திருந்தேன்' என்றாரா? மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே 'ஹேட்'டில் போய்ச் சேர்ந்துவிட்டன. பின்னால் போக ஒரு வழி, திரும்பி வர மூன்று வழி. இன்டைரக்டை டைரக்ட் ஆக்கு என்று வினாத்தாளில் கேட்கும்போது எதை எழுதினாலும் மதிப்பெண் தர வேண்டியதுதான் நியாயம். செய்தியில் அப்படி விட முடியாது. ஒப்பந்தக்காரர் பாலத்தை முடித்துவிட்டாரா, எப்போதோ முடித்ததாகச் சொல்கிறாரா என்பதில் ஒரு வழக்கே அடங்கியிருக்கலாம். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களைப் படித்துப் பார்க்க வேண்டும். அதிலும் பிடிபடாவிட்டால் செய்தி அனுப்பிய நிருபரைத் தொலைபேசியில் பிடித்து, அந்த ஆள் வாயில் வந்தது என்ன என்று கேட்டுவிடுவதுதான் வழி.