‘தாங்கள்’ என்று தொடங்கிய மடல்

சென்ற மாதம் சுனாபட்டியில் எங்கள் சந்தில் குடியிருக்கும் தம்பி ஒருவர் ஒரு மடலையும் ஒரு மனுவையும் திருத்தித் தருமாறு கேட்டு வந்தார். அவருடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிடும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். பேரன் படித்தது மராத்தி வழிப் பள்ளியில். வேலையிடத்தில் பேசுவது ஹிந்தி. தமிழ் எழுத்தைத் தாயாரிடம் கற்றுக்கொண்டவர். ஊரில் தாத்தா பெயரில் கிடக்கும் சிறு நிலத்துக்குப் பட்டா மாறுதல் செய்ய வேண்டும். மூலப்பத்திரமோ தாத்தாவின் அண்ணனிடம் இருக்கிறது. எனவே பெரிய தாத்தாவுக்கு ஒரு மடல், வட்டாட்சியருக்கு ஒரு மனு.

பெரிய தாத்தாவுக்கு அவர் முன்பே ஒருமுறை எழுதியிருந்தார். பதில் வரவில்லை. காரணத்தை ஊரிலிருந்து வந்த அத்தை சொன்னாராம். “மொத வரியில என்னத் திண்ணையில உக்கார வச்சாம். கடைசி வரியில தெருவுல நிப்பாட்டிட்டாம்லா” என்று பெரியவர் வருந்தியிருக்கிறார்.

அந்தப் பழைய மடலின் படம் தம்பியின் கைப்பேசியில் இருந்தது. ‘தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்’ என்று தொடங்குகிறது. நடுவில் ‘உங்கள் உடல்நிலையைப் பற்றி அப்பா அடிக்கடி கேட்பார்’ என்று ஒரு வரி. முடிவில் ‘பத்திரத்தின் நகலை உடனே அனுப்பவும்’. தகாத சொல் ஒன்றுகூட இல்லை. “‘அனுப்பு’ என்றா எழுதினேன் அண்ணா? ‘அனுப்பவும்’ என்றுதானே எழுதினேன்? அதில் என்ன குற்றம்?” என்று தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அன்று அரைகுறையாகத்தான் விடை சொன்னேன். ஆற அமர எண்ணிப் பார்த்ததை இங்கே எழுதுகிறேன்.

‘அனுப்பவும்’ என்பது ‘அனுப்ப’ என்னும் எச்சத்தோடு ‘உம்’ சேர்ந்த வடிவம். அதில் முன்னிலை விகுதி இல்லை. ஒருமை பன்மை இல்லை. ஆகவே மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ‘காலணிகளை வெளியே விடவும்’, ‘வரிசையில் வரவும்’ என்று அறிவிப்புப் பலகைகள் பேசும் மொழி அது. படிப்பவர் யாரென்று பலகைக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. ஆள் தெரியாத இடத்தில் அது பொருத்தமான வடிவம். ஆனால் ‘தாங்கள்’ என்று ஒருவரை முகம் பார்த்து அழைத்துவிட்டு, இறுதியில் அவரை முகமற்றவர் ஆக்கினால், கொடுத்ததைத் திரும்பப் பெற்றதாகவே கேட்பவர் உணர்வார். மடல் முழுவதும் ‘அனுப்பவும், தெரிவிக்கவும்’ என்றே இருந்திருந்தால் பெரியவர் அதை அவசரக்காரன் எழுதிய தந்தி என்று எண்ணிச் சிரித்திருக்கக்கூடும். அவரைப் புண்படுத்தியது அந்த வடிவம் அன்று, இறக்கம்.

முன்னிலைப் பெயர்களில் அதிகாரமும் நெருக்கமும் எவ்வாறு செயல்படுகின்றன என்று ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் 1960இல் எழுதிய கட்டுரை மொழியியல் மாணவர் அனைவரும் படிப்பது. ஒருவரை வழக்கமாக அழைக்கும் பெயரைப் பேச்சின் நடுவே மாற்றினால், அந்த மாற்றமே சினமாகவோ இகழ்ச்சியாகவோ மதிப்பாகவோ கேட்கும் என்பது அவர்கள் காட்டிய செய்திகளுள் ஒன்று. அவர்கள் பெரிதும் ஐரோப்பிய மொழிகளைக் கொண்டு பேசினார்கள். தமிழில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். நாம் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவோம். விட்டாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும். ‘நேற்று வந்தாயா’, ‘வந்தீரா’, ‘வந்தீர்களா’ என்ற மூன்றிலும் பெயரே இல்லை, ஆனால் ஒவ்வொன்றிலும் எதிரில் இருப்பவர் வேறு.

ஒரு நிம்மதி உண்டு. வினையெச்சங்களும் பெயரெச்சங்களும் மரியாதையைச் சுமப்பதில்லை. ‘வந்து’, ‘பார்த்தால்’, ‘சொன்ன’ என்பன பேரனுக்கும் பாட்டனுக்கும் ஒன்றே. ஆகவே மடலைச் சரிபார்ப்பவர் எல்லாச் சொற்களையும் துருவ வேண்டியதில்லை. முன்னிலைப் பெயர்களையும், ஆளைக் குறிக்கும் வினைமுற்றுகளையும், ஏவல் வடிவங்களையும் அடிக்கோடிட்டால் போதும். தம்பியின் மனுவில் அப்படிப்பட்ட இடங்கள் பதினொன்றுதான் தேறின. அவற்றுள் நான்கு இடறின.

முதலாவது, ‘தாங்கள் எங்களுக்கு உதவுவார்கள் என்று நம்புகிறோம்’. சென்னையில் வளர்ந்தவர் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார், மும்பைக்காரர் செய்வார். ஹிந்தியில் ‘ஆப்’ என்னும் மரியாதைச் சொல் படர்க்கைப் பன்மையின் வினையையே ஏற்கும். ‘நீங்கள் உதவுவீர்கள்’ என்பதற்கும் ‘அவர்கள் உதவுவார்கள்’ என்பதற்கும் அங்கே வினை ஒன்றுதான். தம்பி சொல்லைத் தமிழில் எழுதி, வினையை ஹிந்தியின் அச்சில் வார்த்திருக்கிறார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஹிந்தியின் ‘ஆப்’, மராத்தியின் ‘ஆபண்’, நம் ‘தாங்கள்’ மூன்றுமே ‘தான், தன்னை’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து எழுந்தவை. எதிரில் நிற்பவரை நேரே சுட்டாமல் சுற்றி வளைத்துச் சுட்டுவது பணிவு என்று மூன்று மொழியினரும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் தமிழ் வினையில் முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை. ‘தாங்கள்’ என்றால் ‘உதவுவீர்கள்’தான்.

அந்தப் பிறப்பின் சுவடுதான் இரண்டாவது இடறலும். ‘வாரிசுகள் தங்கள் ஆவணங்களைத் தங்கள் அலுவலகத்தில் அளிக்கத் தயாராக உள்ளனர்’ என்று ஒரு வரி. முதல் ‘தங்கள்’ வாரிசுகளுடையது, இரண்டாவது வட்டாட்சியருடையது. ‘வாரிசுகள் தம் ஆவணங்களை’ என்று முதலாவதை மாற்றினோம். இரண்டாவதை ‘உங்கள்’ என்று மாற்றித் தப்பிக்கத் தம்பி விரும்பினார். மற்ற இடங்களில் எல்லாம் ‘தாங்கள், தங்களிடம்’ என்று இருக்கும்போது அந்த ஓர் ‘உங்கள்’ படியிறங்கி நிற்கும் என்று தடுத்துவிட்டேன்.

மூன்றாவது, ‘முந்தைய வட்டாட்சியர் அவர்கள் கூறினார்’. ‘ஆர்’ விகுதியே மரியாதைப் பன்மைதான். ‘வட்டாட்சியர் கூறினார்’ என்பதில் எந்தக் குறையும் இல்லை. ‘அவர்கள்’ என்று அடைமொழி சேர்த்தால் வினையும் ‘கூறினார்கள்’ என்று கூட வர வேண்டும் என்பது என் கருத்து. நாளிதழ்கள் இதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது என்று நண்பர்கள் சொல்வர். நாளிதழ்கள் ‘அவர்கள்’ என்பதையும் சேர்த்தே கைவிட்டன. அதனால் அவை தப்பித்தன.

நான்காவதுதான் என்னைத் துன்புறுத்தியது. ‘என் தாத்தா ஊரில் காலமானார். அவர் மனைவியும் சில ஆண்டுகளில் இறந்தாள்.’ தாத்தாவுக்கு ‘ஆர்’, பாட்டிக்கு ‘ஆள்’. தம்பி பாட்டியை உயிராக நேசித்தவர். வீட்டுப் பேச்சில் பாட்டி ‘வந்தா, போனா’ என்றே இருந்ததால் எழுத்திலும் அவ்வாறே இறங்கிவிட்டது. பேச்சில் அந்த ‘ஆ’ செல்லம். அரசு மனுவில், தாத்தாவின் ‘காலமானார்’ பக்கத்திலேயே நிற்கும்போது, அது செல்லமாக இருக்காது. ஜப்பானியர் வெளியாரிடம் பேசும்போது தம் வீட்டு மூத்தோரையும் தாழ்த்தியே பேசுவர். தமிழில் அந்த வழக்கம் இல்லை. அதிகாரியிடம் பேசும்போதும் நம் பாட்டி ‘ஆர்’தான். ‘பாட்டியாரும் காலமானார்’ என்று மாற்றியதும் தம்பி சிறிது நேரம் பேசவில்லை. முனைவர்பட்ட ஆய்வு என்று நான் தேடுவதெல்லாம் சில வேளைகளில் இத்தகைய ஓரெழுத்தில் கிடந்துவிடுகிறது.

இனி எந்தப் படியைப் பிடிப்பது என்ற கேள்வி. தொல்காப்பியத்தின் கிளவியாக்கத்தில், ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் உள்ள உயர்சொல்லே அன்றி இலக்கண நெறி அன்று என்ற கருத்து வருகிறது. அன்றைக்கே மக்கள் மரியாதைக்காகப் பன்மையைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். கடன் வாங்கிய சொல் தேயத் தேயப் புதிய கடன் வாங்கினார்கள். பன்மையாயிருந்த ‘நீர்’ ஒருவருக்கு உரியதாயிற்று. அது தேய்ந்து ‘நீங்கள்’ வந்தது. அதற்கும் மேலே ‘தாங்கள்’. தமிழ் விவிலியத்தில் கடவுளை ‘நீர்’ என்று அழைப்பதில் குறையேதும் தோன்றுவதில்லை. அதே ‘நீர்’ நெல்லைப் பேச்சில் மைத்துனரை ‘வாரும்’ என்று அழைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. சொற்களின் உயரம் நிலையானதன்று. ஆகவே உயரமான சொல்லைத் தேடி ஓடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதுபவரால் கடைசி வரி வரை பிடித்திருக்க முடிகிற படி எதுவோ, அதுவே அவருடைய படி. வீட்டு மூத்தோருக்கு ‘நீங்கள்’ என்பதே போதும் என்பேன். அதுதான் நாவில் உள்ளது, ஆகவே நழுவாது. ‘தாங்கள்’ அலுவலகத்துக்கு இருக்கட்டும்.

வேண்டுகோள் வரியில் மட்டும் தனிக் கவனம் வேண்டும். பலரும் விழும் பள்ளம் அது. கேட்கும் சொல்லிலேயே ஏற்றத்தாழ்வு உண்டு என்று தொல்காப்பியம் வகுத்திருக்கிறது: இழிந்தோன் ‘ஈ’ என்பான், ஒப்போன் ‘தா’ என்பான், உயர்ந்தோன் ‘கொடு’ என்பான். இன்று அந்தப் பாகுபாடு இல்லை. அதன் வேலையை நாம் வாக்கிய அமைப்பால் செய்கிறோம். ‘வழங்குங்கள்’ என்றால் வினைமுற்று அதிகாரியின் தலையில் நிற்கிறது. ‘வழங்க வேண்டும்’ என்றால் கடமை அவர்மேல் விழுகிறது. ‘வழங்குமாறு வேண்டுகிறேன்’ என்றால் முடிக்கும் வினை என்னுடையதாகிவிடுகிறது. அவருக்கு ஏவல் எதுவும் இல்லை. மனுவின் கடைசி வரியை அப்படியே முடித்தோம்.

புல எண் சரியாக இருக்கிறதா என்றுதான் அலுவலகம் பார்க்கும், விகுதியை அன்று என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மை. ‘உதவுவார்கள்’ என்று எழுதியதற்காக எந்தப் பட்டாவும் நின்றுவிடாது. ஆனால் பத்திரத்தை வைத்திருப்பவர் வட்டாட்சியர் அல்லர், பெரிய தாத்தா.

அவருக்கான புதிய மடலை ‘நீங்கள்’ என்று தொடங்கி ‘நீங்கள்’ என்றே முடித்தோம். ‘அனுப்பவும்’ என்ற வரி ‘நகல் ஒன்று அனுப்பி உதவினீர்கள் என்றால் நன்றியுடையவனாக இருப்பேன்’ என்று மாறியது. ‘உடனே’ என்ற சொல்லை எடுத்துவிட்டோம். உறையின் மேல் சுனாபட்டி என்று முகவரி எழுதும்போது, ஊரில் இதைக் கோவில்பட்டிக்குப் பக்கத்துப் பட்டி என்று நினைத்துக்கொள்வார்கள் என்று தம்பி சிரித்தார். இங்கே அது சுண்ணாம்புக் காளவாய். ஒட்டுவதற்கு முன் மடலை ஒருமுறை எடுத்துப் படித்தார். கையொப்பத்துக்கு மேல் ‘தங்கள் அன்புப் பேரன்’ என்று பழைய பழக்கத்தில் எழுதியிருந்தார். நான் வாய் திறக்கவில்லை. அவரே அடித்து, ‘உங்கள்’ என்று எழுதினார்.