மஞ்சள் கருவை எறிந்துவிட்டு பராட்டாவைச் சாப்பிடுகிறோம்

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இடைவேளை நேரத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு காட்சி. ஐம்பதைத் தாண்டிய எங்கள் ஸேர் ஒருவர் அவித்த முட்டையை இரண்டாகப் பிளப்பார். மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்து ஜன்னலுக்கு வெளியே காகத்துக்கு எறிவார். "கொலஸ்ட்ரோல் மிஸ்" என்பார். பிறகு இரண்டு பராட்டாவை தேங்காய்ப்பால் விட்ட மாட்டிறைச்சிக் கறியில் நனைத்துச் சாப்பிடுவார்.

சிரிக்க வேண்டாம். நம்மில் அநேகர் இப்படித்தான் செய்கிறோம்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் வாரத்துக்கு 3 மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. இரத்தத்தில் கொலஸ்ட்ரோல் கூடினால் மாரடைப்பு வருகிறது, முட்டையில் கொலஸ்ட்ரோல் இருக்கிறது, ஆகவே முட்டை ஆகாது. கணக்கு நேராகத்தான் தெரிந்தது. ஒரு பெரிய முட்டையின் மஞ்சள் கருவில் 186 மில்லிகிராம் அளவு கொலஸ்ட்ரோல் இருப்பதும் உண்மை.

ஆனால் நம் உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாக ஈரல், தயாரிக்கிறது. நாம் சாப்பாட்டில் கூட்டி எடுத்தால் பெரும்பாலானோரின் உடம்பு தன் தயாரிப்பைக் குறைத்துக்கொள்கிறது. கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல்.ஐ அதைவிட அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அந்தக் கொழுப்பு கூடும்போது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல்.ஐ உறிஞ்சி எடுக்கும் ஈரலின் வேலை மந்தமாகிறது. அதனால்தான் 2015இல் வந்த அமெரிக்க உணவு வழிகாட்டி, நாளுக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரோல் என்ற பழைய வரம்பை எடுத்துவிட்டது.

இப்போது நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம். ஒரு கோப்பை கெட்டித் தேங்காய்ப்பாலில் ஏறக்குறைய 40 கிராம். பெருநாளைக்கு நாம் செய்யும் வட்டிலப்பத்தை எடுங்கள். 10 முட்டையும் 2 கோப்பை தேங்காய்ப்பாலும் போட்டால், முட்டையிலிருந்து வருவது 15 கிராம், தேங்காய்ப்பாலிலிருந்து வருவது 80 கிராம். கித்துள் கருப்பட்டியின் சீனி வேறு. ஆனால் வட்டிலப்பத்தைப் பார்த்து நாம் சொல்வது என்ன? "எத்தனை முட்டை போட்டீங்க? கூடாதே!"

அதற்காக முட்டையை இஷ்டம்போல் சாப்பிடலாம் என்று சொல்ல வரவில்லை. ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2019இல் வந்த ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, முட்டை கூடக்கூட இதயநோயும் சற்றுக் கூடுவதாகக் கண்டது. 2020இல் வந்த ஹாவர்ட் ஆய்வு, நாளுக்கு ஒன்று வரை அப்படி எதையும் காணவில்லை. இரண்டுமே மக்கள் சாப்பிடுவதைக் கேட்டுப் பல வருடம் பின்தொடர்ந்தவை. முட்டையோடு தட்டில் வேறென்ன இருந்தது என்பதை முழுமையாகப் பிரித்தெடுப்பது அதில் கஷ்டம். இரண்டையும் வைத்துப் பார்த்தால், ஆரோக்கியமான ஒருவருக்கு நாளுக்கு ஒரு முழு முட்டை நியாயமான அளவு. அமெரிக்க இதயச் சங்கமே 2019இல் இந்த அளவுக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கருவில் கொலஸ்ட்ரோல் இல்லை, அதை இதில் எண்ண வேண்டியதில்லை.

இந்த அளவு எல்லோருக்கும் பொருந்தாது. நீரிழிவு உள்ளவர்களில் முட்டைக்கும் இதயநோய்க்கும் தொடர்பு இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன. எல்.டி.எல். ஏற்கெனவே கூடியவர்களும், பரம்பரையாகக் கொலஸ்ட்ரோல் உள்ள குடும்பத்தவரும் தங்கள் வைத்தியரிடம் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் சிலருக்கு நோய் எதுவும் இல்லாமலே, முட்டை சாப்பிட்டால் கொலஸ்ட்ரோல் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறும். முகத்தைப் பார்த்து அதை அறிய முடியாது. ஒருமுறை லிப்பிட் புரொபைல் எடுத்துவிட்டு, மற்றச் சாப்பாட்டை மாற்றாமல் நாளுக்கு ஒரு முட்டை வீதம் இரண்டு மாதம் சாப்பிட்டு, மீண்டும் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

எங்கள் ஸேர் விஷயத்துக்கு வருவோம். ஒரு வருடம் காகத்துக்கு மஞ்சள் கரு கொடுத்தும் அவருடைய எல்.டி.எல். 158இல்தான் நின்றது. வைத்தியர் கேட்டது முட்டையைப் பற்றி அல்ல, "காலையில் என்ன சாப்பிடுறீங்க?" என்றுதான். பராட்டா வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. கறிக்குத் தேங்காய்ப்பால் பாதியானது. காலையில் கடலையோ பயறோ, அதோடு ஒரு முழு முட்டை. மூன்று மாதத்தில் 131. மாத்திரை தேவையா என்பதை வைத்தியர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு முட்டை எதனோடு வருகிறது, எதன் இடத்தில் வருகிறது என்பதே எங்கள் கேள்வி. பராட்டாவின் இடத்தில் வந்தால் நல்லது. பராட்டாவுக்குள் முட்டையாக வந்தால், குற்றத்தை முட்டையின் தலையில் போடாதீர்கள்.

ஜன்னலோரக் காகம்தான் பாவம், இப்போதும் வந்து பார்த்துவிட்டுப் போகிறது.