கடிதம் எழுத்தாக வரட்டும்

கண் மங்கியவர்களுக்கு ஈமெயில் வந்தால் நம் வீடுகளில் பேரனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்வதுதான் வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் பென்ஷன், வங்கி, சொத்து, மருத்துவ அறிக்கை என்று வரும் கடிதங்களைத் தானே படித்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் நினைத்தால், அது பிடிவாதம் அல்ல, அவருடைய உரிமை. அதற்கான வசதிகள் இன்றைய போனிலேயே இருக்கின்றன. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். வயது 79. அவருடைய கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்தவர். குடும்ப பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது, அது சம்பந்தமான கடிதங்களும் பிரெஞ்சிலேயே வருகின்றன. உயிர்வாழ் சான்றிதழ் கேட்டு வரும் மெயிலைக் கவனிக்காமல் விட்டால் பணம் நின்றுவிடும். அக்காவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரத்தில் இருப்பது தெரிகிறது, நேராகப் பார்ப்பது மறைகிறது. ‘பணவிஷயத்தை எல்லாம் சின்னப்பிள்ளை கையில் கொடுத்துப் படிக்கச் சொல்ல முடியுமா தம்பி?’ என்று கேட்டார்.

அவர் அதுவரை செய்துவந்தது, இரண்டு விரலால் திரையை விரித்துப் பார்ப்பது. இது பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது போலத்தான். எழுத்து பெரிதாகும், ஆனால் வரியின் பாதி திரைக்கு வெளியே போய்விடும். வலது பக்கம் தள்ளிப் படித்து, மறுபடி இடது பக்கம் வந்து அடுத்த வரியைத் தேட வேண்டும். பத்து வரியில் இரண்டு வரி தவறிப்போகும். ஒரு தொகையையோ தேதியையோ உற்றுப் பார்க்க இது போதும். முழுக் கடிதம் படிக்க உதவாது.

அதனால் முதலில் மாற்ற வேண்டியது எழுத்தின் அளவு. ஆண்ட்ராய்டு போனில் `Settings`, பிறகு `Display`, அதில் `Font size`. இதைக் கூட்டினால் எழுத்து பெரிதாவதோடு வரியும் திரைக்குள் மடிந்து வரும். பக்கவாட்டில் தள்ள வேண்டியதில்லை. சில போன்களில் இது `Accessibility` என்ற தலைப்பின் கீழ் இருக்கும். வழக்கமாகப் போனைப் பிடிக்கும் தூரத்தில் வைத்துக்கொண்டு, எழுத்து ‘தெரிகிறது’ என்கிற அளவுக்கு வந்த பிறகு இன்னும் ஒரு படி கூட்டுங்கள். தட்டுத்தடுமாறித் தெரிகிற அளவில் நாலு வரி படிப்பதற்குள் கண் களைத்துவிடும். ஆனால் எல்லோருக்கும் மிகப் பெரிய எழுத்துதான் நல்லது என்று எண்ண வேண்டாம். க்ளாக்கோமாவால் பார்வை வட்டம் சுருங்கியவருக்கு எழுத்து மிகப் பெரிதானால் ஒரு பார்வையில் ஒரு சொல்கூட அடங்காது. அவருக்கு நடுத்தர அளவும் நல்ல கறுப்பு மையும்தான் வேண்டும்.

அளவைக் கூட்டியும் சில மெயில்கள் பொடி எழுத்தாகவே நிற்கும். நிறுவனங்கள் கட்டம் போட்டு, நிலையான அகலத்தில் அமைத்து அனுப்பும் மெயில்கள் அவை. போன் திரை அதைவிடக் குறுகலானது என்பதால் ஜிமெயில் முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டுகிறது. ஜிமெயிலின் `General settings` பகுதியில் `Auto-fit messages` என்று இருப்பதை அணைத்துவிட்டால் சுருக்குவது நிற்கும். பதிலுக்குப் பக்கவாட்டில் தள்ள வேண்டிவரும், போனைப் படுக்கவைத்துப் பிடித்தால் அதுவும் ஓரளவு குறையும். கம்ப்யூட்டரில் இன்னும் சுலபம். `Ctrl` விசையை அழுத்திக்கொண்டு `+` தட்டினால் பக்கம் படிப்படியாகப் பெரிதாகும், `Ctrl` உடன் `0` தட்டினால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

அக்காவுக்கு எழுத்தைப் பெரிதாக்கியதில் குறுங்கடிதங்கள் படிக்க முடிந்தது. நீளமானவற்றுக்குக் காதுதான் துணை. `Accessibility` பகுதியில் `Select to Speak` என்று ஒன்று உண்டு. அதன் குறியைத் தொட்டுவிட்டுக் கடிதத்தைத் தொட்டால் வாசித்துக் காட்டும், மற்றபடி போன் பழையபடியே இயங்கும். `TalkBack` அப்படி அல்ல. அது திரையே தெரியாதவர்களுக்கானது. அதை இயக்கியதும் ஒருமுறை தொட்டால் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். தெரியாமல் இயக்கிவிட்டுப் போன் கெட்டுப்போச்சு என்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு. கொஞ்சமாவது பார்வை இருப்பவர் முதலாவதோடு தொடங்குவதே நல்லது.

அக்காவின் முதல் மெயிலைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. குரல் ஆங்கிலக் குரல். பிரெஞ்சில் உச்சரிக்காமல் விடும் கடைசி எழுத்துகளை எல்லாம் அது அழுத்தி அழுத்திப் படித்தது. நான் பள்ளியில் அப்படிப் படித்திருந்தால் எங்கள் மெத்ர் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். `Text-to-speech` என்ற இடத்தில் பிரெஞ்சுக் குரலை இறக்கித் தேர்ந்தெடுத்ததும் சரியானது. ஆனால் அதே குரலிடம் தமிழ் மெயிலைக் கொடுத்தால் பெரும்பாலும் வாயைத் திறக்காது. இரண்டு மொழியில் கடிதம் வரும் நம்மைப் போன்றவர்கள் குரலை மாற்றும் இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்னது படிப்பவர் செய்ய வேண்டியது. என் கருத்தில் பெரிய தடை அனுப்புகிறவர் பக்கம்தான் இருக்கிறது. மெயிலைத் திறந்தால் ‘இணைப்பைக் காண்க’ என்று ஒரே வரி. இணைப்பில் ஸ்கேன் செய்த கடிதம். அது எழுத்து அல்ல, எழுத்தின் புகைப்படம். `Font size` அதைத் தொடாது, வாசிக்கும் குரலுக்கும் அதில் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் டைப் அடித்த கடிதத்தின் மூன்றாவது கார்பன் பிரதி யார் கைக்குப் போகிறதோ அவர் பாடு திண்டாட்டம். இன்று கண் மங்கியவர்களுக்கு எல்லாக் கடிதமும் மூன்றாவது பிரதியாகத்தான் வருகிறது.

தமிழில் இன்னொரு சங்கடமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்து பிடிஎஃப் ஆக்கினால் கண்ணுக்கு ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ `mk;kh`. குரல் அதைத்தான் வாசிக்கும். சோதித்துப் பார்க்க வழி சுலபம். பிடிஎஃப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிப் பாருங்கள். நல்ல தமிழாக வந்தால் யூனிகோடு. கிறுக்கலாக வந்தால் பழைய எழுத்துரு. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியாவிட்டால் அது படம்.

படமாக வந்ததை கூகுள் லென்ஸ் கொண்டு எழுத்தாக மாற்றலாம், தமிழும் பிரெஞ்சும் அதற்குத் தெரியும். ஆனால் மங்கலான ஸ்கேனில் 3 என்பதை 8 என்று எடுத்துக்கொள்ளும். தொகை, தேதி, கணக்கு எண் இம்மூன்றையும் மூலத்தில் பெரிதாக்கி ஒருமுறை பார்த்தே தீர வேண்டும். விரலால் விரித்துப் பார்ப்பது இந்த இடத்தில்தான் உதவும்.

ஆகவே அலுவலகத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கும், வெளிநாட்டிலிருந்து எழுதும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். கையெழுத்தும் முத்திரையும் வேண்டுமென்றால் ஸ்கேனை இணையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே வாசகத்தை மெயிலின் உள்ளேயும் யூனிகோடில் அடியுங்கள். என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. எதிரில் இருப்பவருக்கு ஒரு மாத பென்ஷன்.