கல் சொன்னதும் சொல்லாததும்

சமையலறைச் சுவரில் மாமியார் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடக் கூடாது" என்று அதில் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? யாரோ ஈரக் கரண்டியைப் போட்டிருக்கிறார்கள், ஊறுகாய் பூசணம் பூத்திருக்கிறது என்றுதானே! ராஜாக்களின் பழைய சாசனங்களையும் இந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும், சகோதரிகளே.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனுடைய பன்னிரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. மற்றது பதினான்காம் ஆண்டில். அதாவது கி.பி. 919, 921. குடவோலை முறையைச் சொல்லும் கல்வெட்டுகள் இவைதாம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் தேர்தல் இருந்தது!" என்று மேடைகளில் முழங்குகிறார்களே, அதற்கு ஆதாரம் இந்தச் சுவர்தான். மகிழ்ச்சி. ஆனால் மாலை போடுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்.

முதல் கேள்வி: பேசுவது யார்? தொடக்கத்தில் மதுரை கொண்ட மன்னனின் பெயர் கம்பீரமாக நிற்கிறது. ஆனால் தீர்மானம் செய்கிறவர்கள் தங்களைச் "சபையோம்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்த "ஓம்" விகுதியைக் கவனியுங்கள். "சபையாராகிய நாங்கள்" என்று பொருள். மன்னனின் ஆணை வந்தது, அவன் அனுப்பிய அதிகாரி உடன் இருந்தார், சபையார் கூடி விதி செய்தார்கள். அது பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊர், சபையும் அவர்களுடையது. ஆகவே இதை மன்னன் வாய்மொழி என்றும் கொள்ளலாகாது. ஊரார் எல்லோருடைய குரல் என்றும் கொள்ளலாகாது.

இரண்டாவது கேள்வி: யாருக்காக? பெயர் எழுதிய ஓலை குடத்துக்குள் விழ வேண்டுமானால், வரி செலுத்தும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். அந்த நிலத்தை உழுதவனின் பெயர் குடத்தில் இல்லை. நம் பெயரும் இல்லை.

ஆனால் பெண்கள் அதில் வராமல் இல்லை! வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனுடைய உறவினர்களுக்கும் இடமில்லை என்று ஒரு விதி. தாயின் சகோதரிகள் பெற்ற பிள்ளைகள், அத்தை பிள்ளை, மாமன், மாமனார், சகோதரியின் கணவன், மகளை மணந்தவன் என்று நீள்கிறது அந்தப் பட்டியல். எந்த ஆணை விலக்குவது என்று எண்ணிக் காட்டும் உறவுக் கயிறாக மட்டுமே நாம் நிற்கிறோம்.

மூன்றாவது கேள்வி: ஏன்? இங்கேதான் ஊறுகாய் ஜாடி! 919-லேயே விதி செய்துவிட்டார்கள். அதில் வயது முப்பதுக்கு மேல், அறுபதுக்குள். இரண்டே வருஷத்தில் அதைத் திருத்தி, இன்னும் விரிவாக வெட்டுவானேன்? முதல் ஏற்பாடு போதவில்லை என்றுதானே அர்த்தம்? ஓலை எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவனாக இருக்க வேண்டுமாம். அதை வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டுமாம். அவர் படித்த பிறகு, அங்கே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையைப் படிக்க வேண்டுமாம். ஓலையை மாற்றிவிடும் கைகளைப் பற்றிய பயம் இல்லாவிட்டால் விரலை விரிக்கச் சொல்வார்களா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பயம் இருந்தது என்றுதான் கல்லிலிருந்து ஊகிக்கலாம். யார் ஏமாற்றினார், எவ்வளவு பணம் போயிற்று என்று அது சொல்லவில்லை. விதி எழுதியது 921-ல் என்றால், அதற்குப் பின் அப்படியே நடந்தது என்பதற்கும் அந்தக் கல் சாட்சியல்ல. நடந்ததை அறிய, அதே ஊரில் நிலம் விற்றது, ஏரிக்குப் பொன் கொடுத்தது போன்ற மற்றக் கல்வெட்டுகளை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சபையில் இடமில்லாததால் அக்காலப் பெண்களுக்குச் சொத்தே இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. இதே பராந்தகனின் மருமகள் செம்பியன் மாதேவி கோயில்களைக் கற்றளியாக எடுப்பித்து, பொன்னும் நிலமும் அளித்ததை வேறு கோயில் சுவர்கள் சொல்கின்றன. ஒரு சுவர் வாய் திறவாததை இன்னொரு சுவர் சொல்லும்.

அடுத்த முறை உத்திரமேரூர் போனால், பெருமாளைச் சேவித்துவிட்டு அந்தச் சுவரின் முன்னும் சற்று நில்லுங்கள். "குடத்தில் யாருடைய பெயர் விழவில்லை?" என்று கேட்டுப் பாருங்கள்.