தெரிந்த எண், தெரியாத குரல்

நவம்பர் வந்தால் மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் கவலை. மோசடிக்காரர்களுக்கு அறுவடைக் காலம். சான்றிதழின் பெயரில் அவர்கள் செய்யும் தொலைபேசி அழைப்புகளில் என்னை அச்சுறுத்துவது, பேசுகிறவன் கையில் இருக்கும் விவரம்தான். ஓய்வூதிய ஆணை எண், ஓய்வுபெற்ற தேதி, வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் அவனே ஒப்பிக்கிறான். இவ்வளவு தெரிந்தவர் அலுவலகத்துக்காரராகத்தான் இருப்பார் என்று பெரியவர் நம்பிவிடுகிறார். பிறகு, “சான்றிதழைப் புதுப்பிக்க ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள் ஐயா” என்கிறான். சொன்னதும் கணக்கு காலியாகிறது. விவரம் எங்கிருந்தும் கசியலாம். அது அடையாளச் சான்று ஆகாது. டிஜிட்டல் உயிர்வாழ் சான்றிதழுக்கு உங்கள் கைரேகையோ கருவிழியோ முகமோ பதிவாக வேண்டும். தொலைபேசியில் ஓடிபி கேட்டு உங்களை உயிரோடு இருப்பதாக யாராலும் பதிய முடியாது. “இன்றே செய்யாவிட்டால் பென்ஷன் முடங்கும்” என்ற மிரட்டலுக்கும் பதற வேண்டாம். சான்றிதழ் தாமதமானால் ஓய்வூதியம் நின்றாலும், கொடுத்ததும் நிலுவையோடு திரும்ப வரும். அழைப்பைத் துண்டித்து, பாஸ்புக்கோடு வங்கிக்கே போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள்; உடனே 1930-ஐ அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டே போகும்.