‘நம்ம புள்ள’ என்பது மட்டும் போதாது



நமது பிள்ளைகள் பல்கலைக்கழகம் போய், ஆய்வு செய்யவென்று லயத்துக்கே திரும்பி வருகிறார்கள். சம்பளம், அரைப்பேர், வீட்டுக்காணி, பிள்ளைக் காம்பரா என்று நம்மைப் பற்றியே ஆய்வேடு எழுதுகிறார்கள். நெடுங்காலமாக நம்மைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் வெளியாட்களே. ஆகவே இதை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். “உன் ஆட்களையே நீ ஆராய்ந்தால் நடுநிலை இருக்காது, வேறு தலைப்பு எடு” என்று சொல்லும் விரிவுரையாளர்களை ஏற்கவும் மாட்டோம். கொழும்பிலிருந்து வருகிறவரும் எங்கேயோ ஓரிடத்தில் நின்றுதான் நம்மைப் பார்க்கிறார். எங்கும் நிற்காமல் பார்க்கிற கண் எவருக்கும் இல்லை.

ஆனால் நமது பிள்ளைகளிடமும் ஒன்று சொல்ல இருக்கிறது. ஆய்வேட்டின் முன்பக்கங்களில், “நானும் இந்தச் சமூகத்தில் பிறந்தவள், அதனால் மக்கள் என்னிடம் மனந்திறந்து பேசினார்கள்” என்ற பொருளில் ஒரு பந்தி எழுதுகிறார்கள். ‘ஆய்வாளரின் நிலை’ என்று அதற்குத் தலைப்பும் போடுகிறார்கள். அந்தப் பந்தியோடு அந்தப் பேச்சு முடிந்துவிடுகிறது. பின்வரும் நூறு பக்கங்களில் அந்தப் பிறப்பு எதை மாற்றியது, எதை மறைத்தது என்று ஒரு வரியும் இல்லை. இது கணக்குக் காட்டாமல் கையொப்பம் மட்டும் வைப்பதாகும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவள் அரைப்பேரைப் பற்றி ஆராய்கிறாள். நல்ல தலைப்புத்தான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் 20 கிலோ கேட்டதும், குறைந்தவர்களுக்கு அரைப்பேர் போட்டதும் நமக்குத் தெரிந்த கதை. தன் சொந்த டிவிசனில் 20 கொழுந்துப் பெண்களிடம் அவள் பேட்டி எடுக்கிறாள். இருபது பேரும் கம்பனியைத்தான் குறை சொல்கிறார்கள். மடுவத்தில் தண்ணிக்கும் சாக்குக்கும் கழிக்கிற கிலோவைப் பற்றிச் சொல்கிறார்கள். கங்காணியைப் பற்றி ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. “கங்காணிமாரோடு பிரச்சினை இல்லை” என்று அவள் முடிவு எழுதுகிறாள்.

இப்போது அவள் எழுதாததைப் பாருங்கள். அவளுடைய அப்பா அந்த டிவிசனின் சங்கத் தலைவர். அம்மாவின் தம்பி கங்காணி. அவளை வீடுவீடாக அழைத்துப் போனது அப்பா. இருபது பேரில் பதினாறு பேர் அவர்களுடைய மேட்டு லயத்தையும் அடுத்த லயத்தையும் சேர்ந்தவர்கள், ஒரே சங்கத்தில் சந்தா கட்டுகிறவர்கள், பலர் ஒரே சாதிக்காரர்கள். பணிய லயத்துக்கு அவள் போகவேயில்லை. கங்காணியின் அக்காள் மகளிடம் கங்காணியைப் பற்றி யார் பேசுவார்கள்? அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. யாரிடம் எதைச் சொல்லலாம் என்று தெரிந்து பேசினார்கள். அவளுடைய முடிவு தோட்டத்தின் நிலைமையைக் காட்டவில்லை, அவள் நின்ற இடத்தைத்தான் காட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒலிப்பதிவை எழுதி எடுக்கும்போது, “ஒனக்குத் தெரியாததா, புள்ள?” என்ற சொல் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும். வெளியாள் கேட்டால் அந்த இடத்தில் அரை மணி நேரம் விளக்கம் கிடைத்திருக்கும். நம் பிள்ளை தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறாள். பிறகு அந்த வெற்றிடத்தைத் தன் சொந்த நினைவைக் கொண்டு நிரப்புகிறாள். அது பேசிய பெண்ணின் அனுபவமா, இவள் சிறுவயதில் கேட்டதா என்று பிறகு பிரிக்க முடியாது. “தெரியும் அத்தை, ஆனா நீங்க சொல்றதத்தான் நான் எழுதணும்” என்று ஒரு வார்த்தை சொல்லிக் காத்திருந்தால் போதும்.

உறவு எப்போதும் கேடு செய்யும் என்று நாம் சொல்லவில்லை. அதைக் கணக்கில் எழுதினால் அதுவே அறிவாகும். லீலா அபு-லுகோட் என்ற மானிடவியலாளரின் தந்தை பாலஸ்தீன அரபுக்காரர், தாய் அமெரிக்கர். எகிப்தில் பெதூயின் மக்களிடையே ஆய்வுக்குப் போனபோது தந்தை கூடவே வந்தார். முதலில் அது அவருக்குச் சங்கடமாக இருந்தது. தந்தை கொண்டுவந்து விட்ட பெண் என்பதால்தான் அந்த மக்கள் தன்னை மரியாதையான குடும்பத்து மகளாக ஏற்றார்கள் என்று பின்னர் அவருக்குப் புரிந்தது. அந்த இடம் பெண்களின் உலகத்தைத் திறந்தது, ஆண்களின் உலகத்தைப் பெரும்பாலும் மூடியது. 1986இல் வந்த தன் நூலில் இதை அவர் மறைக்கவில்லை. எந்தக் கதவு திறந்தது, எது மூடியது என்று வாசகருக்குத் தெரிவதால் அந்த நூலை எடைபோட முடிகிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. “நான் இன்ன தோட்டத்தில் இன்ன டிவிசனில் பிறந்தேன்” என்று மாணவி நேர்மையாக எழுதுகிறாள். பேசியவர்களின் பெயர்களையும் மாற்றுகிறாள். ஆனால் அட்டையில் அவளுடைய சொந்தப் பெயர் இருக்கிறதே! அந்த டிவிசனில் இரண்டு பிள்ளையோடு இருக்கும் விதவைக் கொழுந்துக்காரி ஒருத்திதான் என்றால், பெயரை மாற்றி என்ன பயன்? துரைக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். நாளைக்கு அரைப்பேர் விழுவது அவளுக்குத்தான். ஆகவே உறவு என்ன வகை என்று எழுதட்டும், இடத்தை எழுத வேண்டாம். இரண்டு மூன்று தோட்டங்களைச் சேர்த்து ஆராயட்டும். ஆய்வுக்குத் தேவையில்லாத அடையாளங்களை மாற்றட்டும். பீலிக்கரையிலும் சாவு வீட்டிலும் மகளாக நினைத்துச் சொன்னதைத் திரும்பப் போய்க் கேட்காமல் எழுதவே கூடாது.

ஆகவே நாம் கேட்பது இவைதான். யார் அழைத்துப் போனார், எந்த லயம் விடுபட்டது, பேட்டியின்போது பக்கத்தில் யார் இருந்தார் என்பதை ஒவ்வொரு பேட்டிக்கும் அன்றன்றே நாட்குறிப்பில் எழுத வேண்டும். போகுமுன் தான் என்ன பதிலை எதிர்பார்த்தாள் என்பதையும் எழுத வேண்டும். அந்தக் கணக்கு முடிவுகளின் பக்கத்திலேயே வர வேண்டும். தன் உறவு தடையாக நிற்கும் இடத்தில், இன்னொரு டிவிசனிலிருந்து ஒரு மாணவியை அனுப்பிக் கேட்கச் செய்ய வேண்டும். சமர்ப்பிக்குமுன் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, பேசியவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். தன் சொல்லை எடுத்துவிடு என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மாமாவுக்குப் பிடிக்காத முடிவை எடுத்துவிடு என்று கேட்க மாமாவுக்கு உரிமை இல்லை.

சங்கத்துக்கும் அந்த உரிமை இல்லை. தோட்டத் தலைவர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: பிள்ளைகளுக்கு வழி காட்டுங்கள், பேட்டியில் உட்காராதீர்கள். மற்றச் சங்கத்துக்காரர் வீட்டையும் காட்டுங்கள். நம்மைப் பற்றிக் கசப்பாக ஏதும் வந்தால் கூட்டத்தில் பேசிப் பதில் சொல்லுவோம்.

மடுவத்தில் தராசின் எண் கொழுந்துக்காரியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நாம் போராடுகிறோம். நிறுப்பவர் நம்ம ஆள் என்பதால் அந்தக் கோரிக்கையை விட்டுவிடுவோமா? நம் பிள்ளைகளின் தராசுக்கும் அதே சட்டம்தான்.